மண்ணெண்ணெயில் நின்ற மோட்டார்

மண்ணெண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைத்துவிட்ட அவுட்போர்டு மோட்டார் மறுநாள் விடியற்காலையில் லேசில் கிளம்பாது. ஃபைபர் படகு வைத்துத் தொழில் செய்கிறவர்களில் இதைப் பட்டு அறியாதவர் குறைவு. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை வலியெடுத்த பிறகுதான், நேற்று கரையேறும் அவசரத்தில் பெட்ரோலுக்கு மாற்றாமல் விட்டது நினைவுக்கு வரும். அதற்குள் பக்கத்துப் படகுகள் அலை தாண்டிப் போயிருக்கும்.

தமிழகக் கரையில் நாட்டுப் படகுகளின் பின்பலகையில் மாட்டியிருக்கும் மோட்டார்களில் பல, பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடுகிற இரண்டு ஸ்ட்ரோக் வகை. மண்ணெண்ணெய் மானிய விலையில் கிடைப்பதால் இந்த ஏற்பாடு. படகில் சின்ன பெட்ரோல் டேங்க் ஒன்றும் பெரிய மண்ணெண்ணெய் டேங்க் ஒன்றும் இருக்கும். இரண்டையும் மாற்றிக்கொள்ள நடுவில் ஒரு வால்வு. பெட்ரோலில் கிளப்பி, மோட்டார் சூடேறும்வரை சில நிமிடம் ஓட்டிவிட்டு வால்வைத் திருப்பவேண்டும். திரும்பி வரும்போது, கரை தட்டுவதற்குச் சில நிமிடம் முன்பே மறுபடி பெட்ரோலுக்கு மாற்றவேண்டும்.

முதல் பாதியை யாரும் மறப்பதில்லை. மறந்தால் மோட்டார் அங்கேயே நின்று காட்டிக்கொடுத்துவிடும். இரண்டாவது பாதியை மறந்தால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. அதனால்தான் அது மறந்துபோகிறது.

காரணம் எளிது. தீப்பற்றுவது எண்ணெய் அல்ல, அதன் ஆவி. பெட்ரோல் எந்தக் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி தரும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரில் உள்சூடே அந்த வேலையைச் செய்துவிடும். இரவு முழுக்கக் கடற்காற்றில் நின்று குளிர்ந்த மோட்டாரில் அந்தச் சூடு ஏது? கார்புரேட்டரின் அடியில் உள்ள கிண்ணத்தில் நேற்றைய மண்ணெண்ணெய் அப்படியே நிற்கிறது. வால்வை இப்போது பெட்ரோலுக்குத் திருப்பினாலும், கிண்ணத்தில் இருப்பது தீர்ந்த பிறகுதான் பெட்ரோல் உள்ளே வரும். அது தீரும்வரை ஒவ்வொரு இழுப்பிலும் ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டருக்குள் போய் ஸ்பார்க் பிளக்கை நனைத்துக்கொண்டே இருக்கிறது.

ஒரு காலைப்பொழுதை எடுத்துக்கொள்வோம். இரண்டு சிலிண்டர் மோட்டார். நேற்று நன்றாக ஓடியது. இன்று சோக்கை இழுத்து ஏழெட்டு முறை கயிற்றை இழுத்தும் ஒரு செருமல்கூட இல்லை. இந்த இடத்தில் பெரும்பாலோர் செய்வது, இன்னும் வேகமாக இழுப்பது. அதை நிறுத்திவிட்டுக் கையையும் கண்ணையும் பயன்படுத்தினால் கால் மணி நேரத்துக்குள் விடை தெரிந்துவிடும்.

முதலில், காசு செலவில்லாத மூன்று இடங்கள். நிறுத்தும் பொத்தானுக்கு அடியில் செருகும் சிவப்புக் கயிற்றுக் கிளிப் இருக்கிறதா? அது இல்லாவிட்டால் மோட்டார் தீப்பொறியே தராது. கியர் நியூட்ரலில் இருக்கிறதா? கயிறே இழுபடாமல் பிடித்துக்கொண்டால் பல மோட்டார்களில் அது கோளாறு அல்ல, கியரில் கிளம்பக்கூடாது என்பதற்காக வைத்த பூட்டு. பெட்ரோல் டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? இந்தத் திருகை மூடியே வைத்திருந்தால் மோட்டார் ஒழுங்காகக் கிளம்பி, கொஞ்ச தூரம் போய், சரியாக அலை முறிகிற இடத்தில் நின்றுபோகும். டேங்குக்குள் காற்று நுழைய வழியில்லாததால் பெட்ரோல் வெளியே வர மறுக்கிறது. திருகைத் திறந்ததும் உஸ்ஸென்று காற்று இழுக்கும் சத்தம் கேட்டால் காரணம் அதுவேதான்.

அடுத்தது, டேங்கிலிருந்து வரும் குழாயின் நடுவே இருக்கும் ரப்பர்க் குமிழ். அதன்மேல் போட்டிருக்கும் அம்புக்குறி மோட்டாரைப் பார்த்தபடி, மேல்நோக்கி இருக்குமாறு பிடித்து அமுக்கவேண்டும். சில அமுக்கலில் குமிழ் கல்லாக இறுகினால் பெட்ரோல் கார்புரேட்டர்வரை போய்விட்டது. எவ்வளவு அமுக்கினாலும் தொளதொளவென்றே இருந்தால் எங்கோ காற்று புகுகிறது. குழாய் மோட்டாரில் மாட்டும் இணைப்புக்குள் இருக்கும் சின்ன ரப்பர் வளையம்தான் பெரும்பாலும் குற்றவாளி. அமுக்கிய குமிழ் சப்பையாகி அப்படியே நின்றால் டேங்குப் பக்கம் அடைப்பு, அல்லது மறுபடி அந்தக் காற்றுத் திருகு.

நம் படகில் இவை எல்லாம் சரியாக இருக்கின்றன. குமிழ் இறுகிவிட்டது. இனி பிளக்கைக் கழற்றவேண்டியதுதான். கழற்றும்போதே கேள்வி ஒன்றுதான்: நனைந்திருக்கிறதா, காய்ந்திருக்கிறதா?

காய்ந்திருந்தால் சிலிண்டருக்குப் பெட்ரோலே வரவில்லை என்று பொருள். குமிழ் இறுகியும் பிளக் காய்ந்திருந்தால் தடை கார்புரேட்டருக்குள்ளே இருக்கிறது. மிதவை ஊசி ஒட்டிக்கொண்டிருக்கலாம், ஜெட்டின் ஊசித்துளையில் பிசின் அடைத்திருக்கலாம். நனைந்திருந்தால் எரிபொருள் வருகிறது, எரியவில்லை. நம் படகில் இரண்டு பிளக்குகளும் சொட்டச் சொட்ட நனைந்திருக்கின்றன.

இப்போது அந்த ஈரத்தை விரல் நுனியில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். பெட்ரோல் என்றால் விரலில் சில்லென்று பட்டு நொடியில் ஆவியாகி, அதில் கலந்த ஆயிலின் பிசுபிசுப்பு மட்டும் மிஞ்சும். மண்ணெண்ணெய் என்றால் போகாது. ஈரமாகவே நிற்கும், வாடையும் விடாது. நம் விரலில் இருப்பது மண்ணெண்ணெய். நோய் தெரிந்துவிட்டது.

மருந்தும் சிக்கலானதல்ல. கார்புரேட்டர்க் கிண்ணத்தின் அடியில் ஒரு வடிகால் திருகு உண்டு. அதைத் தளர்த்தி, நிற்பதை ஒரு டப்பாவில் வடித்துவிடவேண்டும். கடலிலோ மணலிலோ ஊற்ற வேண்டாம். திருகை மூடி, வால்வு பெட்ரோல் பக்கம் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, குமிழை மறுபடி அமுக்கிக் கிண்ணத்தைப் பெட்ரோலால் நிரப்பவேண்டும். சிலிண்டருக்குள் தேங்கிய மண்ணெண்ணெயையும் வெளியேற்றவேண்டும். பிளக்குகள் வெளியே இருக்கும்போதே, சிவப்புக் கிளிப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சோக்கை உள்ளே தள்ளி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து, நாலைந்து முறை கயிற்றை இழுத்தால் துளை வழியே பீய்ச்சிக்கொண்டு வெளியேறும். முகத்தைத் துளைக்கு நேரே வைக்கக்கூடாது. பிளக்குகளைத் துடைத்து உலர்த்தி, அல்லது கைவசம் இருக்கும் புதியவற்றைப் போட்டு, கிளிப்பை மாட்டி இழுத்தால் ஒன்றிரண்டு இழுப்பில் செருமி, பிறகு புகை கக்கிக்கொண்டு கிளம்பும்.

ஈரம் பெட்ரோலாகவே இருந்திருந்தால்? அப்போது சந்தேகம் இரண்டு. சோக்கை இழுத்தபடியே அதிகம் இழுத்துச் சிலிண்டரை மூழ்கடித்திருக்கலாம். அதற்கும் மேலே சொன்ன வைத்தியமே. இல்லாவிட்டால் தீப்பொறி இல்லை. பிளக்கை அதன் தொப்பியில் மாட்டி, பிளக்கின் இரும்பு உடலை சிலிண்டரின் துருப்பிடிக்காத, பெயின்ட் இல்லாத ஓரிடத்தில் நன்றாக அழுத்தி வைத்து ஒருவர் கயிற்றை இழுக்க, படக் படக்கென்ற சத்தத்தோடு நீல நிறப் பொறி தெரியவேண்டும். மஞ்சளாக, மெலிதாக வந்தால் போதாது. உடலை இரும்பில் தொடவிடாமல் தொங்கவிட்டு இழுப்பது கூடாது, தீப்பொறி தரும் மின்சுற்றே அதில் கெட்டுப்போகலாம். சொட்டிய பெட்ரோலைத் துடைத்து, பிளக் துளைகளைத் துணியால் அடைத்த பிறகே இந்தச் சோதனை. மூடிய பெட்டிக்குள் பெட்ரோல் ஆவியும் தீப்பொறியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

பிளக் என்பது கிளப்புவதற்கான பொருள் மட்டுமல்ல. சிலிண்டருக்குள் நடப்பதைக் கழற்றிப் பார்க்காமலே சொல்கிற ஒரே சாட்சி அதுதான். ஆனால் சாட்சியை எப்போது விசாரிக்கிறோம் என்பது முக்கியம். கரைக்கு வரும்போது மெதுவாக உறுமிக்கொண்டே வந்து நிறுத்திய மோட்டாரின் பிளக் எப்போதும் கொஞ்சம் கறுப்பாகத்தான் இருக்கும். வழக்கமான ஓட்ட வேகத்தில் சிறிது நேரம் ஓட்டி, சட்டென்று அணைத்து, அப்போது கழற்றிப் பார்த்ததுதான் நம்பத்தகுந்த நிறம்.

நடுமுனையைச் சுற்றியுள்ள பீங்கான் வெளிர் பழுப்பாக இருந்தால் எல்லாம் சரி. எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால் ஆயில் அதிகம், அல்லது பொறி பலவீனம், அல்லது பொழுதெல்லாம் குறைந்த வேகத்திலேயே ஓட்டுகிறார்கள். வெள்ளை வெளேரென்று, கொப்புளம் கிளம்பினதாக இருந்தால் அதுதான் பயப்படவேண்டிய நிறம். சிலிண்டர் அளவுக்கு மீறிச் சூடாகிறது: குளிர்விக்கும் தண்ணீர் சரியாகப் போகவில்லை, அல்லது எரிபொருளைவிடக் காற்று அதிகம் போகிறது. இரண்டு பிளக்குகளில் ஒன்று பழுப்பாகவும் மற்றொன்று கழுவிவிட்ட மாதிரி பளிச்சென்றும் இருந்தால், அந்தப் பளிச்சென்ற சிலிண்டருக்குள் தண்ணீர் கசிகிறது. ஹெட் கேஸ்கெட்டைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும். இதைக் கரையிலே வைத்துச் சரிசெய்ய முயல வேண்டாம்.

புதிய பிளக் வாங்கும்போது பழையதன் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்துகளை முழுக்கப் பார்த்து வாங்கவேண்டும். என்ஜிகே பிளக்கில் பி7எச்எஸ்-10 என்று இருந்தால், அந்த 7 வெப்ப எண். எண் கூடக்கூட பிளக் தன் சூட்டை வேகமாக வெளியேற்றும். 7 போடவேண்டிய மோட்டாரில் 5 போட்டால் முனை அதிகம் சூடாகிப் பிஸ்டனுக்கு ஆபத்து, 9 போட்டால் முனை எப்போதும் குளிர்ந்தே இருந்து கரி பிடிக்கும். கடைசியில் உள்ள 10 என்பது இடைவெளி 1 மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கும். பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதென்று கடைக்காரர் தரும் வேறொரு பிளக்கை வாங்கிப் போடுவதைவிட, பழையதைத் துடைத்துப் போடுவதே மேல். மாட்டும்போது முதல் சுற்றுகளைக் கையாலேயே திருகி, கை நின்ற பிறகு ஸ்பேனரால் புதிய பிளக்கை ஏறத்தாழ அரைச்சுற்று இறுக்கினால் போதும். சிலிண்டர் ஹெட் அலுமினியம். பலத்தைக் காட்டினால் மரை போய்விடும்.

கறுத்த பிளக்கைப் பற்றிச் சொன்னதும் ஆயில் கலவைக்கு வந்தாகவேண்டும். இரண்டு ஸ்ட்ரோக் மோட்டாரில் ஆயிலுக்கென்று தனித் தொட்டி கிடையாது. பெட்ரோலில் கலந்த ஆயில்தான் உள்ளே இருக்கும் பேரிங், பிஸ்டன் எல்லாவற்றையும் தடவிக்கொண்டு போய்க் கடைசியில் தானும் எரிகிறது. பெரும்பாலான மோட்டார்களுக்குச் சொல்லப்படும் கலவை 50க்கு 1. அதாவது லிட்டருக்கு 20 மில்லி, 10 லிட்டர் கேனுக்கு 200 மில்லி. புதிய மோட்டாரை முதல் 10 மணி நேரம் பழக்கும்போது பொதுவாக இதன் இரட்டிப்பு. மண்ணெண்ணெயிலும் ஆயில் கலக்கவேண்டும். அதற்கான அளவைக் கையேடு தனியாகச் சொல்லும், பெட்ரோல் அளவையே அதற்கும் வைத்துக்கொள்ளக் கூடாது.

மூடிக் கணக்கு வேண்டாம். இந்த பிராண்டின் மூடியும் அந்த பிராண்டின் மூடியும் ஒன்றல்ல. மருந்துக்கடையில் வாங்கும் அளவுக் குவளை ஒன்றைப் படகுச் சாமானோடு கட்டிவைத்தால் வேலை முடிந்தது. கலக்கும் முறையும் உண்டு. கேனில் முதலில் பாதிப் பெட்ரோல், அப்புறம் ஆயில் முழுவதும், மூடிக் குலுக்கி, பிறகு மீதிப் பெட்ரோல், இன்னொரு குலுக்கல். ஆயிலைப் படகின் டேங்கிலேயே ஊற்றிவிட்டு அலை குலுக்கிக்கொள்ளும் என்று விட்டால், அடியிலிருந்து உறிஞ்சும் மோட்டாருக்கு முதலில் ஆயிலாகவே போகும், பிறகு வெறும் பெட்ரோல் போகும். பாதி டேங்கில் மேலும் ஊற்றும்போது, புதிதாக ஊற்றும் பெட்ரோலுக்கு மட்டுமே ஆயில் கணக்கு.

இங்கே பலரும் நம்பும் ஒன்று தவறு. ஆயில் கொஞ்சம் கூடினால் மோட்டாருக்கு நல்லதுதானே என்று இரண்டு பங்கு ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். புகையும் கரியும் ஒருபக்கம் இருக்கட்டும். கார்புரேட்டரின் ஜெட் துளை ஒரு குறிப்பிட்ட அளவு திரவத்தைத்தான் விடும். அதில் ஆயிலின் பங்கு கூடினால் பெட்ரோலின் பங்கு குறைகிறது, கலவையும் கெட்டியாகி மெதுவாக இறங்குகிறது. விளைவு, அதே காற்றுக்குக் குறைந்த பெட்ரோல். சிலிண்டர் சூடு கூடுகிறது. மோட்டாரைக் காப்பாற்ற ஊற்றிய ஆயிலே அதைச் சூடாக்குகிறது. ஆயில் குறைந்தால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும்: சத்தம் மாறி, வேகம் தானாகக் குறைந்து, ஒரு கட்டத்தில் நின்று, கயிறு இழுபடாது. அப்படி நின்றால் கயிறோடு மல்லுக்கட்டக் கூடாது. ஆறவிட்டு, மெல்ல இழுத்துப் பார்க்கவேண்டும்.

எந்த ஆயில் என்பதும் முக்கியம். டப்பாவில் டிசி-டபிள்யூ3 என்று அச்சிட்டிருக்கவேண்டும். தண்ணீரால் குளிரும் அவுட்போர்டுகளுக்கென்று, எரிந்தால் சாம்பல் மிஞ்சாதபடி செய்த ஆயில் அது. பழைய இரண்டு ஸ்ட்ரோக் பைக்குகளுக்கு ஊற்றிய ஆயிலில் காற்றால் குளிரும் சூடான எஞ்சினுக்கேற்ற மருந்துகள் இருக்கும், அவை சாம்பலை மிச்சம் வைக்கும். அந்தச் சாம்பல் பிளக் முனையிலும் பிஸ்டன் வளையங்களிலும் போய்ப் படியும். அவசரத்துக்கு ஒருநாள் ஊற்றினால் மோட்டார் செத்துவிடாது. ஆனால் வழக்கமாக ஊற்றக் கூடாது.

பெட்ரோலே மாறிவிட்டது என்பதையும் கரையில் இருப்பவர்கள் கவனித்தாகவேண்டும். 2025 முதல் இந்தியாவில் பெட்ரோல் பங்குகளில் பரவலாகக் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கடற்கரையில் அரை டேங்கோடு நாள்கணக்கில் கிடக்கும் பெட்ரோலுக்கு ஈரத்துக்குப் பஞ்சமில்லை, டேங்க் மூடி வழியாகத் தெறிக்கும் அலைத்தண்ணீர் வேறு. தண்ணீர் ஓர் அளவைத் தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். மோட்டார் உறிஞ்சுவது அடியிலிருந்துதானே? அந்த அடுக்கில் ஆயில் கரையாது. ஆகவே அது எரியாமல் மோட்டாரை நிறுத்தினால் அதிர்ஷ்டம். அரைகுறையாக எரிந்து ஆயில் இல்லாமல் ஓடவைத்தால் பிஸ்டனுக்குக் கேடு. சந்தேகம் வந்தால், டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஓர் இரவு அசையாமல் வைத்துப் பாருங்கள். ஆயிலின் சாயம் ஏறிய அடுக்கு மேலேயும் வெளிறிய அடுக்கு கீழேயும் பிரிந்து நின்றால் அந்த டேங்கை முழுக்க வடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. குலுக்கி மறுபடி சேர்க்க முடியாது. மோட்டாருக்கான பெட்ரோலை இரண்டு மூன்று நாள் தேவைக்கு மட்டும் வாங்குவதே இதற்குத் தடுப்பு.

இனி உப்பு. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. மோட்டாரின் காலில் உள்ள ரப்பர் இம்பெல்லர் இந்தத் தண்ணீரை மேலே இறைத்து, சிலிண்டரைச் சுற்றி ஓடவிட்டு, சூட்டோடு வெளியே தள்ளுகிறது. ஓடும்வரை உப்பு தங்காது. அணைத்த பிறகுதான் தொல்லை. குறுகிய பாதைகளில் மிஞ்சிய தண்ணீர் சூட்டில் வற்றி, உப்பை விட்டுப்போகிறது. இன்று ஒரு மெல்லிய படலம், நாளை அதன்மேல் இன்னொன்று. சில மாதங்களில் பாதை சுருங்கி, அலுமினியத்தை உப்பு அரித்து, அந்த அரிப்பின் வெள்ளைத் துகளும் சேர்ந்து அடைத்துக்கொள்கிறது.

நல்ல தண்ணீரில் கழுவவேண்டும் என்பது எல்லோரும் சொல்வதுதான். எவ்வளவு நேரம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பல மோட்டார்களில் சிலிண்டரைச் சுற்றிய பாதையை ஒரு தெர்மோஸ்டாட் அடைத்திருக்கும். மோட்டார் 50 டிகிரியை ஒட்டிச் சூடானால்தான் அது திறந்து வழிவிடத் தொடங்கும். டிரம்மில் காலை இறக்கி ஒரு நிமிடம் ஓட்டி அணைத்துவிட்டால், பின்பக்கம் தண்ணீர் பீய்ச்சுவதைப் பார்த்து மனம் நிறையும். உப்பு நிறைந்த இடத்துக்குள் நல்ல தண்ணீர் போயே இருக்காது. மெதுவான வேகத்தில், நியூட்ரலில், 10 நிமிடமாவது ஓடவேண்டும். தண்ணீர் மட்டம் புரொப்பல்லருக்கு மேலே உள்ள தட்டைத் தாண்டி நிற்கவேண்டும். தண்ணீர் இல்லாமல் காட்டுவதற்குக்கூட ஓட்டக் கூடாது. உலர்ந்த இம்பெல்லர் சில நொடிகளிலேயே தேய்ந்து கருகத் தொடங்கும்.

குடிக்கவே லாரித் தண்ணீர் வாங்கும் கடற்கரைக் கிராமங்களில், மோட்டாருக்கு டிரம் டிரம்மாகத் தண்ணீர் செலவழிக்கச் சொல்வது எப்படி என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மோட்டாருக்குள் தங்கியிருப்பதும் காலில் ஒட்டியிருப்பதும் சேர்ந்து அரை லிட்டர் கடல்நீர் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏறத்தாழ 17 கிராம் உப்பு. 100 லிட்டர் டிரம்மில் பத்து மோட்டார்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கழுவினால், டிரம்மில் சேர்வது 170 கிராம் சொச்சம், லிட்டருக்கு 2 கிராமுக்கும் குறைவு. கடல்நீரில் அது ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. ஆகவே நாலைந்து படகுக்காரர்கள் சேர்ந்து ஒரு டிரம் வைத்துக்கொண்டு, தண்ணீரை அன்றாடம் மாற்றாமல் இரண்டு நாளுக்கொருமுறை மாற்றினாலும், கழுவாமல் விடுவதைவிடப் பலமடங்கு மேல். புகைக்கரியும் ஆயில் பிசுக்கும் மேலே மிதக்கும், அதை வழித்துவிட்டால் போதும். டிரம்மைத் திறந்த வெளியில் வைக்கவேண்டும். கொட்டகைக்குள் வைத்து ஓட்டினால் மோட்டாரின் புகை ஆளைக் கொல்லும்.

மோட்டாரைக் கழற்றித் தோளில் வீட்டுக்குத் தூக்கிப் போகிற கரைகளில் இன்னொரு எச்சரிக்கை வேண்டும். கழற்றுமுன் செங்குத்தாக நிறுத்தித் தண்ணீர் முழுக்க வடியவிடவேண்டும். தூக்கும்போதும் படுக்கவைக்கும்போதும் புரொப்பல்லர்ப் பக்கம் எஞ்சின் தலையைவிட உயரக் கூடாது. உயர்ந்தால் காலில் மிஞ்சிய உப்புத்தண்ணீர் புகைவழியாகவே திரும்பி ஓடிச் சிலிண்டருக்குள் இறங்கும். கிளம்ப மறுக்கும் மோட்டாரின் பிளக்கில் உப்புக்கரிப்பான ஈரம் தெரிந்தால், யாராவது அதைத் தலைகீழாகச் சாய்த்து வைத்தார்களா என்று விசாரிப்பது நல்லது.

ஓடும்போது பின்பக்கம் பீய்ச்சும் தண்ணீர் மெலிந்தால் முதலில் அந்தத் துளையைத்தான் பார்க்கவேண்டும். மணலோ உப்போ குளவிக் கூடோ அடைத்திருக்கும். கொஞ்சம் தடித்த தூண்டில் நரம்பை உள்ளே விட்டு ஆட்டினால் திறந்துகொள்ளும். துளை சுத்தமாக இருந்தும் தண்ணீர் வரவில்லை என்றால் இம்பெல்லர். மணல் கலங்கிய ஆழமற்ற நீரில் அன்றாடம் ஓடும் மோட்டாரில் அது வருஷம் தாங்கினால் பெரிது. பழையதன் இதழ்கள் ஒருபக்கம் வளைந்து அப்படியே விறைத்திருந்தால், கிழியாவிட்டாலும் மாற்றிவிடவேண்டும்.

அலையில் படகு கவிழ்ந்து மோட்டார் மூழ்குவதும் நம் கரையில் நடப்பதுதான். கடலுக்கு அடியில் இருக்கும்வரை மோட்டார் அவ்வளவாகத் துருப்பிடிக்காது. வெளியே எடுத்துக் காற்றுப் பட்டதும்தான் கடிகாரம் ஓடத் தொடங்கும். சில மணி நேரத்துக்குள் கிளப்பியாகவேண்டும். மேல் மூடியைக் கழற்றி நல்ல தண்ணீர் ஊற்றி முழுக்கக் கழுவி, பிளக்குகளைக் கழற்றி, துளைகள் கீழ்நோக்கி இருக்கும்படி சாய்த்து, கயிற்றை மெல்ல இழுத்துத் தண்ணீரை வெளியேற்றவேண்டும். கார்புரேட்டரை வடித்து, சிலிண்டர்களில் ஆயில் கலந்த பெட்ரோலைக் கொஞ்சம் விட்டு, மறுபடி இழுத்து, உலர்ந்த பிளக்கைப் போட்டுக் கிளப்பி அரை மணி நேரம் டிரம்மில் ஓட்டவேண்டும். ஓடிக்கொண்டிருந்தபோது மூழ்கியதென்றால் மட்டும் நிதானம் தேவை. பிஸ்டன் தண்ணீரை அழுத்தப் பார்த்துக் கனெக்டிங் ராட் வளைந்திருக்கலாம். கயிற்றை மெல்ல இழுக்கும்போது ஓரிடத்தில் தட்டுப்பட்டால், உடனே மெக்கானிக்கிடம் கொண்டுபோகவேண்டும். மெக்கானிக் அன்றைக்கு வர முடியாதென்றால், மோட்டாரைக் கழுவிக் காற்றில் வைப்பதைவிட நல்ல தண்ணீர் நிறைந்த டிரம்மிலேயே முழுக்க அமிழ்த்தி வைப்பது பாதுகாப்பு.

ஐப்பசி கார்த்திகையில் புயல் எச்சரிக்கை தொடர்ந்து வரும் நாள்களில் மோட்டார் வாரக்கணக்கில் வீட்டில் கிடக்கும். கார்புரேட்டரில் பெட்ரோலோடு விட்டால் அது வற்றிப் பிசினாகி ஜெட்டை அடைக்கும். ஆகவே கடைசி டிரம் ஓட்டத்துக்குப் பிறகு கிண்ணத்தை வடித்துவிட்டு, பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு ஸ்பூன் ஆயில் விட்டு, கயிற்றை நாலைந்து முறை இழுத்துப் பரப்பி, பிளக்குகளைத் திரும்ப மாட்டவேண்டும். மூடிக்குள் இருக்கும் வயர் முனைகளை, முக்கியமாக நிறுத்தும் பொத்தானுக்குப் போகும் வயரை, ஈரத்துணியால் துடைத்து உலர்த்தி, தண்ணீரை விரட்டும் ஸ்ப்ரே அடிக்கவேண்டும். அந்த வயரில் உப்புப் பிடித்து ஈரமேறினால், பொத்தானை யாரும் அழுத்தாமலே தீப்பொறி நின்றுவிடும். பிளக், கார்புரேட்டர் எல்லாவற்றையும் மாற்றிவிட்டும் கிளம்பாத மோட்டார்களில் கடைசியில் சிக்குவது சில நேரம் இதுதான்.

அதே நாள்களில் கால்பகுதியின் கியர் ஆயிலையும் பார்த்துவிடலாம். கீழ்த் திருகைக் கழற்றினால் ஆயில் தெளிவாக இறங்கவேண்டும். பால் கலந்த டீயின் நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. அப்போது புரொப்பல்லரைக் கழற்றி அச்சைப் பாருங்கள். வலையிலிருந்தோ தூண்டிலிலிருந்தோ அறுந்த நைலான் நரம்பு அங்கே சுற்றிக்கொண்டு, ரப்பர் சீலை அறுத்திருக்கும். நரம்பை எடுத்து, சீலை மாற்றி, புதிய கியர் ஆயிலைக் கீழ்த் துளை வழியாக மேல்நோக்கி ஏற்றவேண்டும். மேல் துளையில் காற்றுக் குமிழ் இல்லாமல் ஆயில் வழியத் தொடங்கியதும் முதலில் மேல் திருகை மூடி, பிறகு கீழ்த் திருகை மூடவேண்டும். முறை மாறினால் ஏற்றிய ஆயில் கீழ்வழியே இறங்கிவிடும்.